'வேகமாக' என்றால் எத்தனை வினாடி? ஸ்பெக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

வாசகர் கடிதம்

வணக்கம் சார். கோவைப் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். கிராமத்துப் பால் சங்கங்களுக்கான கொள்முதல் மென்பொருள் ஒன்று செய்கிறோம். ஒரு சங்கத்தில் சுமார் 100 பேர் காலை 6 மணி முதல் 7.30 வரை பால் ஊற்றுவார்களாம். 64 பக்க ஸ்பெக்கைக் கொடுத்து, டெஸ்டிங் சார்பில் வியாழக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது. "ரசீது வேகமாக வர வேண்டும்", "டேட்டா ஒருபோதும் இழக்கப்படக் கூடாது", "பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்" என்றெல்லாம் இருக்கிறது. (சில வரிகளை இணைத்திருக்கிறேன்.) மேனேஜரோ, "கிளையன்ட்டே ஓகே சொல்லிட்டாங்க, உன் கையெழுத்து சம்பிரதாயம்தான், மத்ததை டெஸ்டிங்ல பாத்துக்கலாம்" என்கிறார். பேசாமல் போட்டுவிடலாமா? இல்லை, தெளிவில்லாத இடத்தில் எல்லாம் நானே "3 வினாடி" மாதிரி எண் போட்டுத் திருத்திக் கொடுத்துவிடவா? டெஸ்ட் பண்ண முடியாததை எடுத்துவிடச் சொல்லலாமா? நிறையக் குறை சொன்னால் 'நெகட்டிவ்' என்று பேர் வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. — பெயர் வேண்டாம்

பதில்

முதலில் அந்த 'சம்பிரதாயம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கிளையன்ட் ஓகே சொன்னது, "இதைத்தான் கேட்டேன்" என்பதற்கு. டெஸ்டிங் போடும் கையெழுத்துக்கு அர்த்தம் வேறு: "இதைச் செய்தார்களா இல்லையா என்று என்னால் பார்த்துச் சொல்ல முடியும்." கிளையன்ட்டுக்கு 'வேகமாக' என்ற சொல் போதும், ஏனென்றால் அவர் மனதில் ஒரு வேகம் இருக்கிறது. டெவலப்பர் மனதில் இன்னொரு வேகம். இரண்டும் வேறு என்பது தெரியவருகிற நாளில் கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்கப்போவது நீங்கள்தான்.

எனக்கே ஒரு தடவை இது நடந்தது. பெயர் வேண்டாம், பெரிய விநியோக நிறுவனம் ஒன்று. "மாத அறிக்கை வேகமாக வர வேண்டும்" என்ற வரியைப் படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். எங்கள் இடத்தில் சில நூறு வரிசை டேட்டாவை வைத்துப் பார்த்தோம், கண்ணிமைக்கிற நேரத்தில் வந்தது. அவர்களிடம் இருந்ததோ மூன்று வருடக் கணக்கு. அங்கே ஓட்டியபோது ஒருவர் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "இது வேகமா?" என்று கேட்டார்கள். ஸ்பெக்கைப் புரட்டினால் இரண்டு பக்கத்துக்கும் அந்த ஒரே சொல்தான் சாட்சி, ஆளுக்கொரு மாதிரி சாட்சி சொன்னது. ஆறு வாரம் கூலி இல்லாமல் வேலை பார்த்துக் கொடுத்தோம்.

சரி, உங்கள் ஸ்பெக்குக்கு வருவோம். இரண்டு நாளில் 64 பக்கத்தையும் சமமாகப் படிக்கப் போகாதீர்கள். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் படித்தால் கண்தான் ஓடும், மூளை ஓடாது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பணம் கணக்கிடும் இடம், டேட்டா சேமிக்கும் இடம், வெளியே இன்னொரு கருவியோடோ சர்வரோடோ பேசும் இடம், இந்த மூன்றையும் மெதுவாகப் படியுங்கள். திரை எந்த நிறம், லோகோ எந்த மூலை என்பதையெல்லாம் ஓட்டிவிடலாம்.

படிக்கும் முறை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இதற்கான டெஸ்ட் கேஸின் தலைப்பையும் கடைசி வரியையும் மட்டும் எழுதிப் பாருங்கள். என்ன செய்வேன், எதைப் பார்ப்பேன், என்ன கண்டால் 'ஃபெயில்' என்பேன். அந்த மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றால், அதுதான் உங்கள் கமென்ட். முழு டெஸ்ட் கேஸ் எழுத வேண்டாம், நேரம் போதாது.

நீங்களாக எண் போடாதீர்கள்

உங்கள் இரண்டாவது யோசனை நல்ல மனதில் வந்ததுதான், ஆனால் மூன்றிலும் ஆபத்தானது அதுதான். '3 வினாடி' என்று எழுதிய கணத்தில் அது உங்கள் கம்பெனி கொடுத்த வாக்குறுதி ஆகிவிடும். அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. தேவைக்கு மேல் கடுமையான எண்ணாக இருந்தால் டெவலப்பர்கள் வீணாக மண்டையை உடைப்பார்கள். தளர்வாக இருந்தால் எல்லா டெஸ்ட்டும் பாஸாகி, சங்கத்து வாசலில் வரிசை நிற்கும்.

அந்த எண் பால் சங்கத்து வாசலில்தான் இருக்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 100 பேர், ஒன்றரை மணி நேரம். 5400 வினாடியை 100-ஆல் வகுத்தால் ஆளுக்கு 54 வினாடி. இதற்குள் பாலை ஊற்ற வேண்டும், எடை பார்க்க வேண்டும், மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கருவியில் வைக்க வேண்டும். அந்தக் கருவிகள் ஒரு மாதிரிக்கு அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை எடுப்பது சாதாரணம். உங்கள் சங்கத்துக் கருவிக்கு 40 வினாடி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 14 வினாடி. அதில் மாதிரியை மாற்றி வைக்கவும், அளவைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளவும், ரசீதைக் கிழித்துக் கொடுக்கவும் மனிதக் கைக்கு எட்டு ஒன்பது வினாடியாவது வேண்டும். ஆக மென்பொருளுக்கும் பிரின்டருக்கும் சேர்த்துக் கிடைப்பது ஐந்து வினாடி. அதுவும் எல்லாரும் சீராக வந்தால்தான். சங்கத்தில் யார் சீராக வருகிறார்கள்? வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் முதல் அரை மணியிலேயே வந்து நிற்பார்கள்.

பாருங்கள், '3 வினாடி' என்று நீங்கள் போட நினைத்தது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் இப்போது அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கில் ஒரு எண் தப்பு என்றால் (கருவி 55 வினாடி எடுக்கிறது என்றால் நூறு பேருக்கே நேரம் போதவில்லை, அது மென்பொருளின் பிரச்சினையே இல்லை) அதையும் பேச முடியும்.

எண் கிடைத்தால் மட்டும் போதாது. எங்கிருந்து எங்கே வரை என்று சொல்ல வேண்டும். 'சேமி' பட்டனை அழுத்திய கணத்திலிருந்தா, எடை நிலைத்த கணத்திலிருந்தா? ரசீது அச்சாகத் தொடங்கும் வரையா, கையில் கிழித்து எடுக்கும் வரையா? சின்ன தெர்மல் பிரின்டரில் தொடங்குவதற்கும் முடிவதற்கும் நடுவிலேயே ஒன்றிரண்டு வினாடி போய்விடும். அப்புறம், சராசரி என்ற சொல்லை உள்ளே விடாதீர்கள். 95 பேருக்கு 1 வினாடியில் ரசீது வந்து, 5 பேருக்கு 40 வினாடி ஆனால் சராசரி 2.95 வினாடி. 'சராசரி 3 வினாடிக்குள்' என்ற தேவை பாஸ். அந்த ஐந்து பேர் நின்ற நேரத்தில் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியிருக்கும்.

ஸ்பெக் எழுதுவதற்கென்றே ஐ-ட்ரிபிள்-இ 830 என்று பழைய ஒரு தரக் கையேடு இருக்கிறது, 1998-ல் வந்த பதிப்பு. இப்போது அதன் இடத்தில் 29148 என்பது வந்துவிட்டது. ஆனால் அந்தப் பழையதில் இருக்கும் ஒரு உதாரணம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்: நிகழ்வு நடந்து 20 வினாடிக்குள் 60 சதவீத நேரம் வெளியீடு வர வேண்டும், 30 வினாடிக்குள் 100 சதவீத நேரமும் வர வேண்டும். ஒரே வாக்கியத்தில் வழக்கமான நாளுக்கு ஒரு எல்லை, மோசமான நாளுக்கு ஒரு எல்லை. அதே அச்சில் உங்களுடையதை இப்படி எழுதலாம்: "செயலாளர் 'சேமி' அழுத்தியதிலிருந்து ரசீது முழுதாக அச்சாகி முடியும் வரை, ஒரு வேளையில் பதிவாகும் 100 ரசீதில் குறைந்தது 95 ரசீது 4 வினாடிக்குள்ளும், மீதி எல்லாம் 8 வினாடிக்குள்ளும் வர வேண்டும். ஒரு வருடப் பதிவுகள் ஏற்கெனவே கணினியில் இருக்கும் நிலையில் இதை அளக்க வேண்டும்." கடைசி வாக்கியம் என் பழைய காயத்திலிருந்து வந்தது.

இதை ஸ்பெக்கில் நீங்களே எழுதிவிடாமல், "எங்கள் கணக்கு இது, உங்களுக்குச் சரியா?" என்று கேள்வியாக அனுப்புங்கள். எண்ணை ஒப்புக்கொள்வது கிளையன்ட்டின் வேலை.

எண் இருப்பதாலேயே தேவை நல்லதாகிவிடாது

நீங்கள் இணைத்த வரிகளில் ஒன்றை நீங்கள் குறையாகவே குறிக்கவில்லை. "பதிவான 10 வினாடிக்குள் விவசாயியின் போனுக்குக் குறுஞ்செய்தி சேர வேண்டும்." எண் இருக்கிறது, வினாடி இருக்கிறது, அதனால் கண் தாண்டிப் போய்விட்டது. ஆனால் அவர் போன் அணைந்து கிடந்தால்? மாட்டுக் கொட்டகையில் சிக்னல் இல்லாவிட்டால்? போனில் சேருவது டெலிகாம் கம்பெனி கையில் இருக்கிறது, உங்கள் மென்பொருள் கையில் இல்லை. உங்களால் வாக்குக் கொடுக்க முடிவது, குறுஞ்செய்தி சேவைக்காரரிடம் 10 வினாடிக்குள் ஒப்படைத்து, அவர் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பதிலைச் சேமித்து வைப்பது வரைதான். தேவையை அந்த எல்லையில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அதற்கு இரண்டு வரி தள்ளி இன்னொன்று: "குறுஞ்செய்தி தமிழில், எல்லா விவரத்தோடும், ஒரே செய்தியாக இருக்க வேண்டும்." தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடம்தான். ஆங்கிலத்தில்தான் 160. அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'கொழுப்பு' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. போனுக்கு எட்டு, ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். இதை எண்ணிப் பாருங்கள், எஸ்என்எஃப் என்பது பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்:

```
எண் 214 12-06 காலை பால் 8.4 கிலோ கொழுப்பு 4.2 எஸ்என்எஃப் 8.3 தொகை ரூ.312.50
```

75 இடம் வருகிறது. சங்கத்தின் பெயர் இல்லை, ஒரு கிலோ விலை இல்லை, அதற்குள்ளேயே ஐந்து கூடிவிட்டது. 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்கு வைப்பார்கள், காசும் இரட்டிப்பு. ஆக 'தமிழில்', 'எல்லா விவரமும்', 'ஒரே செய்தி', மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும். எதை விடுவது என்று நீங்களோ டெவலப்பரோ முடிவு செய்யக் கூடாது. மாதக் கடைசியில் இரட்டைக் கட்டணம் கட்டப்போகிறவர்தான் செய்ய வேண்டும். இதையும் சீக்கிரம் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நம் நாட்டில் இப்படிப்பட்ட செய்திகளின் வாசக அமைப்பை டெலிகாம் கம்பெனிகளின் பதிவுத் தளமான டிஎல்டியில் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். கடைசி வாரத்தில் வாசகத்தை மாற்றினால் அந்த ஒப்புதலுக்காக உட்கார்ந்திருப்பீர்கள்.

முரண்பாடு ஒரே பக்கத்தில் இருக்காது

ஒரு வரி 'மாற்றலாம்' என்றும் அடுத்த வரி 'மாற்றக் கூடாது' என்றும் சொன்னால் யாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்டதை ஸ்பெக் எழுதிய பிசினஸ் அனலிஸ்ட், அதாவது பிஏவே திருத்தியிருப்பார். உங்கள் ஸ்பெக்கில் இருப்பது வேறு ரகம். இந்த மூன்றையும் பாருங்கள். பக்கம் 14: "இணைய இணைப்பு இல்லாதபோதும் கொள்முதல் தடையின்றி நடக்க வேண்டும்." பக்கம் 22: "பால் ஊற்றிய உடனே தொகையுடன் ரசீது தர வேண்டும்." பக்கம் 41: "ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் கணத்தில் அமலில் உள்ள விலை தலைமை சர்வரிலிருந்து பெறப்பட வேண்டும்."

எந்த இரண்டை எடுத்தாலும் சண்டை இல்லை. இணைப்பு இல்லை, ஆனால் தொகையோடு ரசீது வேண்டும் என்றால், கணினியில் இருக்கும் பழைய விலையை வைத்து அடித்துவிடலாம். இணைப்பு இல்லை, விலை சர்வரிலிருந்துதான் வர வேண்டும் என்றால், தொகை இல்லாமல் ரசீது கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் போடலாம். ரசீதில் தொகையும் வேண்டும், விலையும் சர்வரிலிருந்து வேண்டும் என்றால், லைன் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. மூன்றும் சேர்ந்தால்தான் முடியாது. இரண்டு இரண்டு வரியாக ஒப்பிட்டுப் படித்தால் ஒரு வருடம் படித்தாலும் இது கண்ணில் படாது.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்பெக்கை மூடி வையுங்கள். ஒரு மோசமான காலையைக் கற்பனை செய்யுங்கள்: மணி 6.10, இரவு மழையில் லைன் போய்விட்டது, நேற்று ராத்திரி சங்கங்களுக்கு மேலே இருக்கும் பால் ஒன்றியத்தில் விலையை மாற்றிவிட்டார்கள், தூக்கோடு ஒரு அம்மா நிற்கிறார். இப்போது ஸ்பெக்கைத் திறந்து, அந்த அம்மா கையில் என்ன ரசீது போகும் என்று பக்கம் பக்கமாகத் தேடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு பதில் சொல்லும். இரண்டு பதில் கிடைத்தால் முரண்பாடு, ஒரு பதிலும் கிடைக்காவிட்டால் ஓட்டை. இந்த மாதிரி நான்கைந்து காலை போதும்: மின்சாரம் போன காலை, கருவி தப்பாக அளவு காட்டிய காலை, செயலாளர் தப்பான உறுப்பினர் எண்ணைத் தட்டிய காலை. அந்தக் கடைசிக் காலையை மறக்காதீர்கள். 'சேமித்த பதிவை யாரும் மாற்றக் கூடாது' என்று எழுதுகிற எல்லா ஸ்பெக்கிலும் வேறெங்கோ 'செயலாளர் திருத்தலாம்' என்று இருக்கும், நான் பார்த்தவரைக்கும்.

கமென்ட் எழுதும்போது 'பக்கம் 14, 22, 41 முரண்படுகின்றன' என்று விட்டுவிடாதீர்கள். அதைப் படிக்கிறவர் தன் பக்கத்தை நியாயப்படுத்தத்தான் பார்ப்பார். இப்படி எழுதுங்கள்:

"பக்கம் 14, 22, 41. லைன் இல்லாத காலையில் ரசீதில் எந்த விலை? அ) கடைசியாகக் கிடைத்த விலையில் அடித்துவிட்டு அதுவே முடிவு. ஆ) அதே விலையில் 'தற்காலிகம்' என்று அடித்து, லைன் வந்ததும் வித்தியாசத்தைச் சரிசெய்வது. இ) தொகை இல்லாமல் அளவு மட்டும். முடிவு செய்ய வேண்டியவர்: ஒன்றியத்தின் கணக்குப் பிரிவு. எங்களுக்கு ஆ கடினம், கூடுதல் வேலை வரும்."

'நெகட்டிவ்' என்று பேர் வரும் என்றீர்களே, அது குறை சொல்வதால் வருவதில்லை. 'தெளிவில்லை', 'தெளிவில்லை' என்று நாற்பது வரி எழுதி, வேலையை எதிராளி தலையில் போடுவதால் வருவது. மூன்று வழி காட்டி யார் முடிவெடுக்க வேண்டும் என்றும் எழுதினால், மேனேஜர் அதை அப்படியே கிளையன்ட்டுக்கு அனுப்பலாம். அவருக்கும் வேலை மிச்சம்.

டெஸ்ட் பண்ண முடியாததை எடுத்துவிடச் சொல்லாதீர்கள்

'டேட்டா ஒருபோதும் இழக்கப்படக் கூடாது' என்ற வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? டேட்டா இழந்தாலும் பரவாயில்லை என்று ஆகும். அதற்குப் பின்னால் ஒரு உண்மையான பயம் இருக்கிறது: ஊற்றின பாலுக்குக் கணக்கு காணாமல் போனால் ஊரில் சண்டை வரும். சிக்கல் 'ஒருபோதும்' என்ற சொல்லில்தான். எத்தனை நாள் டெஸ்ட் செய்தாலும் 'இனி ஒருபோதும் நடக்காது' என்று நிரூபிக்க முடியாது. நான் மேலே சொன்ன அந்தக் கையேட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு: 'நிரல் ஒருபோதும் முடிவில்லாச் சுழற்சியில் மாட்டக் கூடாது' என்ற தேவையைச் சோதிப்பது கோட்பாட்டளவிலேயே முடியாது என்று.

எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். மின்சாரம் என்பார்கள். அப்படியானால்: "ரசீது அச்சான எந்தப் பதிவும், அதன்பின் எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும், கணினி மீண்டும் வந்ததும் இருக்க வேண்டும். ரசீது அச்சாகாத பதிவு முழுதாக இருக்கலாம், அல்லது இல்லாமலே இருக்கலாம், பாதியாக இருக்கக் கூடாது." இதை நான் டெஸ்ட் பண்ணுவேன்: பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெவ்வேறு கணத்தில் இருபது தடவை பிளக்கைப் பிடுங்குவேன், ரசீதை எண்ணுவேன், பதிவை எண்ணுவேன். இருபது என்பதும் ஒரு தேர்வுதான், அது போதுமா என்று பேசி முடிவு செய்யலாம். ஹார்ட் டிஸ்கே எரிந்துபோனால் என்பது வேறு கேள்வி, அதற்கு நகல் எடுத்து வைப்பது பற்றித் தனி வரி வேண்டும்.

இன்னொன்று. டெஸ்ட் செய்துதான் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்றில்லை. 'கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது' என்பதற்கு டேபிளைத் திறந்து பார்த்தால் போதும். சில தேவைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினால் போதும், சிலதற்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டினால் போதும். ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் 'பார்த்து', 'கணக்கிட்டு', 'ஓட்டிக் காட்டி', 'சோதித்து' என்று ஒரு சொல் எழுதிக்கொண்டே வாருங்கள். நான்கில் ஒன்றும் பொருந்தவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள்.

'எளிதாக இருக்க வேண்டும்' என்பதும் அப்படித்தான். கணினி தொடாத ஐந்து செயலாளர்களை உட்காரவைத்து, அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்து, ஆளுக்குப் பத்துப் பதிவு போடச் சொல்லி, உதவி கேட்காமல் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஐந்தில் நான்கு பேர் முடித்தால் போதுமா என்பதைக் கிளையன்ட் சொல்லட்டும். செலவு அதிகம் என்று தோன்றினால் அந்த வரியை 'நோக்கம்' என்ற பகுதிக்கு நகர்த்திவிடச் சொல்லுங்கள். அங்கே இருந்தால் யாரும் அதை வைத்து உங்களை ஃபெயில் ஆக்க முடியாது.

கையெழுத்து

'வேகமாக', 'எளிதாக', 'போதுமான', 'முடிந்தவரை', 'உடனுக்குடன்', 'முதலியன' என்று சொல் தேடல் போட்டால் அரை மணியில் ஒரு பட்டியல் வரும். ஸ்பெக் ஆங்கிலத்தில் இருந்தால் ஷுட், ஷல், வில் மூன்றும் கலந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கட்டாயம் எது, விரும்பத்தக்கது எது என்று ஸ்பெக்கின் முதல் பக்கத்தில் ஒரு விளக்கம் வைக்கச் சொல்லுங்கள். இணையத் தரங்களில் இதற்கென்றே 1997-லிருந்து ஆர்எஃப்சி 2119 என்று ஒன்று இருக்கிறது. ஆனால் சொல் தேடல் பிடிப்பது மேலோட்டமானதைத்தான், அதை முடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போடாமல் அடம் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வருட அனுபவத்தில் ஒற்றை ஆளாக அதைச் செய்தால் அடி உங்களுக்குத்தான். பேசாமல் போடவும் வேண்டாம். நடுவில் ஒரு வழி உண்டு, பல இடத்தில் அதை ஏற்றுக்கொள்வார்கள்: "இணைப்பில் உள்ள திறந்த கேள்விகள் நீங்கலாக ஒப்புதல்" என்று எழுதி, தேதி போட்டு, பட்டியலை அதே கோப்பில் இணைத்துக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியலில் பணமும் டேட்டாவும் சம்பந்தப்பட்ட ஆறேழு கேள்வி மட்டும். மீதியை 'சின்னத் திருத்தங்கள்' என்று தனியாக பிஏவுக்கு அனுப்புங்கள், அதற்குக் கையெழுத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, மேனேஜரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், அவர் எல்லார் முன்னாலும் முதல் தடவையாக அதைப் பார்க்கக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: ஒப்பந்தம் நிலையான தொகைக்கா, செய்யும் வேலைக்கு ஏற்பவா? நிலையான தொகை என்றால், ஏற்புச் சோதனையில் 'வேகமாக' என்ற சொல்லுக்கு யார் அர்த்தம் சொல்கிறாரோ அவர் கையில்தான் உங்கள் கம்பெனியின் கடைசித் தவணை இருக்கிறது. இதைச் சொன்னால் பெரும்பாலான மேனேஜர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தில் சந்தேகம் என்றால் வக்கீலிடம் போங்கள், அது என் துறை இல்லை.

கடைசியாக, எந்தச் சொல் தேடலிலும் மாட்டாத ஒன்று. உங்கள் இணைப்பில் பக்கம் 9-ல் "பால் அளவு பதிவாக வேண்டும்" என்று இருக்கிறது. எடைக் கருவி கிலோவில் கொடுக்கும். பக்கம் 33-ல் விலைப் பட்டியல் 'லிட்டருக்கு' என்று இருக்கிறது. லிட்டர் பால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 1.03 கிலோ. 10 கிலோ பால் 9.7 லிட்டர்தான். யாரோ ஒருவர் கிலோவை அப்படியே லிட்டர் விலையால் பெருக்கிவிட்டால் ஒவ்வொரு ரசீதிலும் மூன்று சதவீதம் கூடுதலாகப் போகும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ஏனென்றால் டெஸ்ட் கேஸையும் அதே ஸ்பெக்கைப் பார்த்துத்தானே எழுதுவீர்கள். எந்த எண்ணால் மாற்றுகிறார்கள், எத்தனை தசமத்துக்கு முழுமையாக்குகிறார்கள் என்பதை இன்றைக்கே ஏதாவது ஒரு சங்கத்துச் செயலாளரிடம் போனில் கேளுங்கள். 7.30 வரை அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, பால் வண்டி கிளம்பின பிறகு கூப்பிடுங்கள்.